ஒரு ஸ்டாரும் ஒரு வீட்டுப்பெயரும்

அப்பச்சனும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, எங்கள் கடைத் தலையணை ஒன்றுக்கு வந்த இரண்டு ஸ்டார் ரிவ்யூவுக்குப் பதில் எழுதியது.

சனிக்கிழமை காலை. அப்பச்சன், என் அப்பா, பால் விடாத கட்டன் சாயாவோடு ஜன்னலோரம் நின்றிருந்தார். நான் மடிக்கணினியைத் திறந்து வாசித்தேன். எழுதியவர் மதுரைக்காரர். தலையணை கழுத்துக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் ரப்பர் நாற்றம் தாங்க முடியவில்லை, மனைவி வேறு அறைக்குப் போய்விட்டாள் என்று எழுதியிருந்தார்.

"பாவம், குடும்பத்தப் பிரிச்சுட்டோமே" என்றார் அப்பச்சன்.

"என்ன எழுதட்டும்?"

"நாத்தம் இருக்கு. அத மொதல்ல ஒத்துக்க."

"'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்'னு ஆரம்பிக்கட்டுமா?"

"அது கரண்ட் ஆபீஸ்ல மாட்டுற போர்டு மோளே. நம்ம அந்த ஆள் பக்கத்துல ஒக்காந்து பேசுற மாதிரி எழுது."

எழுதினோம். புது ரப்பர் பாலில் செய்த தலையணையில் இந்த வாசனை உண்டு. உறையைக் கழற்றி, வெயில் படாத, காற்று வரும் இடத்தில் சில நாள் வையுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள், செலவு எங்களுடையது. இதையெல்லாம் சொல்லும் சீட்டைப் பெட்டிக்குள் வைக்காதது எங்கள் குறை, இனி வைப்போம். கீழே அப்பச்சன் பெயர், கடைத் தொலைபேசி எண்.

பதிவேற்றும் முன் அப்பச்சன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். தையல் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் ஓமனா வந்தாள். திரையை அவள் பக்கம் திருப்பினேன். முழுவதும் படித்துவிட்டு, "இது யாருன்னு எனக்குத் தெரியல" என்றாள்.

"சரி, போடு" என்றார் அப்பச்சன்.

மறுநாள் காலை சர்ச்சுக்குக் கிளம்ப சட்டை போடும்போது கட்டிலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. மருத்துவர் இதயம் என்றார்.

ஓமனா சொன்ன அந்த வாக்கியம் எங்கள் கடையில் ஒரு சட்டம். அது எப்படி வந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். அப்பச்சனைப் பற்றி எனக்கு எழுதத் தெரிந்த வழி அதுதான்.

*

அவர் பெயர் குருவிளா, ஊருக்கு அச்சாயன். காஞ்சிரப்பள்ளியில், கடைத்தெருவுக்குச் சற்றுத் தள்ளி, ரப்பர் பாலில் மெத்தையும் தலையணையும் செய்யும் ஒரு சிறிய பட்டறை அவருடையது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வேலை. என் அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். பெங்களூரில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், கடைக்கு ஒரு இணையதளம் செய்துகொடுத்தேன். படம், விலை, வாங்கும் பொத்தான். அவ்வளவு போதும் என்று நினைத்தேன்.

"வாங்கினவங்க பேசறதுக்கு எடம் எங்க?" என்று கேட்டார்.

"என்ன பேசறதுக்கு?"

"கடையில வந்தா பேசுறாங்கல்ல. ஒருத்தர் மெத்தையக் குறை சொல்லுவார், இன்னொருத்தர் நின்னு கேப்பார், கேட்டுட்டு வாங்குவார். குறை சொன்னதக் கேட்டுட்டுத்தான் வாங்குவார். அது எங்க?"

ரிவ்யூ பகுதியைச் சேர்த்தேன். அதன் விதிகள் அவர் வைத்தவை.

பொருள் போய்ச் சேர்ந்த மறுநாளே கருத்துக் கேட்கும் செய்தி அனுப்புவது எல்லாக் கடைகளின் வழக்கம். அப்பச்சன் ஒரு மாதம் காத்திருக்கச் சொன்னார். "மெத்தைய ஒரு ராத்திரியில யார் அறிஞ்சா? கல்யாணம் ஆன மறுநாள் மாப்பிள்ளை எப்படின்னு கேக்கற மாதிரி இருக்கு." அந்தச் செய்தி எல்லோருக்கும் போக வேண்டும். திருப்பி அனுப்பியவருக்கும், தொலைபேசியில் சண்டை போட்டவருக்கும்கூட. ஒவ்வொரு விற்பனைக்கும் தனி இணைப்பு; வாங்காதவர் எழுத முடியாது. எந்தப் பெயரில் எழுதுவது என்பது வாங்கியவர் இஷ்டம். முழுப்பெயர், முதலெழுத்து, ஊர், எதுவும். எழுதியதை நாங்கள் ஒரு எழுத்துகூட மாற்ற முடியாதபடி செய்தேன். போடலாம், அல்லது நிறுத்தி வைக்கலாம். நிறுத்தி வைக்க மூன்றே காரணங்கள்: வசவு, தொலைபேசி எண், இன்னொருவரின் சொந்த விஷயம். குறை சொன்னது காரணம் ஆகாது. புதியது மேலே வரும். நல்லதைத் தூக்கி மேலே வைப்பதில்லை. சராசரி ஸ்டாரில் எல்லாம் சேரும்.

ஒருமுறை கொச்சியிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். கழுத்தில் டை, நல்ல ஷூ. கடையின் ஸ்டாரை உயர்த்தித் தருவது அவன் தொழில்.

"ரொம்ப சிம்பிள் சார். மொதல்ல 'எங்க சர்வீஸ் பிடிச்சுதா'ன்னு ஒரு கேள்வி. பிடிச்சுதுன்னு சொன்னா ரிவ்யூ பக்கத்துக்குப் போகும். பிடிக்கலன்னா ஒரு தனி ஃபார்முக்குப் போகும், அது உங்களுக்கு மட்டும் வரும். வெளிய யாருக்கும் தெரியாது."

"அப்ப ரெண்டு வாசல்" என்றார் அப்பச்சன்.

"அதே சார்."

"சிரிக்கிறவன் முன்வாசல், அழறவன் பின்வாசல்."

"அப்படிச் சொல்லக் கூடாது சார்…"

"மோனே, நீ எங்க மெத்தை வாங்கறியா? வாங்கறதுக்கு முன்னாடி எதப் படிப்ப?"

இளைஞன் சிரித்துவிட்டான். "ஒரு ஸ்டாரைத்தான் சார் மொதல்ல படிப்பேன்."

"நானும்தான். சாயா குடிச்சுட்டுப் போ."

அவன் மூன்றாம் நாள் ஒரு தலையணை வாங்கினான். ஒரு மாதம் கழித்து நான்கு ஸ்டார் கொடுத்தான். ஏன் ஐந்து இல்லை என்று அப்பச்சன் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நல்ல ரிவ்யூக்கள் எல்லாவற்றுக்கும் அவர் பதில் எழுதுவதில்லை. ஒரே நன்றியை நூறு பேருக்கு ஒட்டினால் யாருக்கும் நன்றி சொன்னதாகாது என்பார். குறை சொன்னவர்களுக்கு ஒருவர் விடாமல் எழுதுவார். அதுவும் உடனே அல்ல. முதலில் பட்டறைக்குப் போய் அந்தப் பொருளைப் பார்ப்பார். முடிந்தால் அவர்களோடு தொலைபேசியில் பேசுவார். அப்புறம்தான் எழுத்து. "படிக்கிறது அந்த ஒரு ஆள் இல்ல. இனிமே வாங்கப் போற அத்தன பேரும். நம்ம கோபப்பட்டா அத்தன பேருக்கு முன்னாடி கோபப்படறோம்."

இவ்வளவு தெரிந்த மனிதர்தான் அந்தத் தவறைச் செய்தார்.

*

எங்கள் ஊரில் ஒருவரை மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்றால் வீட்டுப்பெயர் சேர்த்துக் கூப்பிட வேண்டும். வெறும் பெயரைச் சொன்னால் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாதவன் பேசுவது போல. திருமண அழைப்பில், சர்ச் அறிவிப்பில், கல்லறையில், எங்கும் முதலில் வீட்டுப்பெயர். அப்பச்சனுக்கு அது மூச்சு மாதிரி. ஊரில் எந்த வீட்டில் யார் எந்தக் கட்டிலில் படுக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அவர்தான் மெத்தை கொடுத்தவர்.

அந்தத் தவறால் அடிபட்ட வீட்டின் பெயரை இங்கே நான் எழுத மாட்டேன். அந்த வீட்டு மருமகளை ரோசிலி என்று வைத்துக்கொள்கிறேன். மாமியாரை டீச்சர் என்றே சொல்கிறேன். இந்த ஊரில் பாதிப்பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அப்பச்சனுக்கும்தான்.

தண்ணீர் புகாத மெத்தை உறை ஒன்றை அப்பச்சன் புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்திருந்தார். மேலே மெல்லிய துவாலைத் துணி, அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம். ரோசிலி அதை இணையதளத்தில் வாங்கினார். கடை நடந்துபோகும் தூரம். ஆனால் கடைக்கு வந்து கேட்க அவருக்கு மனமில்லை. ஏன் என்பது எங்களுக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

ஒரு மாதத்தில் செய்தி போனது. ஒரு ஸ்டார் வந்தது. பெயர் இருந்த இடத்தில் ஓர் எழுத்து மட்டும். "உறை ஒழுகுகிறது. மெத்தை வீணாகிவிட்டது. ஏமாற்று வேலை."

நான் அந்த வாரம் பெங்களூரில் இருந்தேன். அப்பச்சனுக்குக் கைப்பேசியில் பேசினால் எழுத்தாக மாறும் வசதி பிடித்துப்போயிருந்தது. "ஏமாற்று" என்ற சொல் அவருக்கு நெஞ்சில் தைத்தது. ஆனாலும் கோபத்தோடு எழுதவில்லை. அன்போடு எழுதினார். அதுதான் ஆபத்தாகப் போயிற்று. ஆர்டரைப் பார்த்தார், வீட்டைக் கண்டுகொண்டார், நேரில் பார்த்தால் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசினார்.

வீட்டுப்பெயரோடு ரோசிலி என்று தொடங்கியது அந்தப் பதில். உறையின் அளவைப் பார்த்தால் டீச்சரின் கட்டிலுக்கு வாங்கியது என்று தெரிகிறது. வயதானவர்களுக்கு இரவில் இப்படி ஆவது சாதாரணம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உறையைக் கொதிக்கும் நீரில் துவைத்தால் படலம் உருகிவிடும், ஒருவேளை அப்படித் துவைத்தீர்களா? டீச்சரை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்று மாலைக்குள் அந்தப் பதிலின் படம் சர்ச் வாட்ஸ்அப் குழுவில் ஓடியது. யாரோ மூன்று சிரிப்பு முகங்களோடு போட்டிருந்தார்கள்.

மறுநாள் ரோசிலி கடைக்குத் தொலைபேசியில் பேசியபோது அப்பச்சன் ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். ஓமனா பிறகு எனக்குச் சொன்னாள்.

"அச்சாயா, உங்க பதில் படிச்சேன்."

"படிச்சியா ரோசிலி? கொதிக்கிற தண்ணியா?"

"அம்மச்சி நேத்து சாயங்காலத்துலேர்ந்து ரூம விட்டு வெளிய வரல. முப்பது வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு முன்னாடி நின்னவங்க. இனிமே சர்ச்சுக்கு வரமாட்டேங்கறாங்க. பக்கத்து வீட்டுக்காரி வந்து 'எங்கம்மாவுக்கும் இப்படித்தான்'னு ஆறுதல் சொல்லிட்டுப் போறா. சந்தோஷமா உங்களுக்கு?"

அப்பச்சன் ஒலிபெருக்கியை அணைத்தார். பிறகு தொலைபேசியைக் காதில் வைத்து ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார் என்றாள் ஓமனா.

என்னைக் கூப்பிட்டபோது அது அவர் குரல் என்றே எனக்கு முதலில் தெரியவில்லை. "மோளே, எடுத்துடு. இப்பவே."

பதிலை எடுத்தேன். தேடுபொறியில் தங்கியிருக்கும் பழைய நகலையும் நீக்கச் சொல்லி விண்ணப்பித்தேன். படம் பிடித்து அனுப்பியவர்களின் கைப்பேசிக்குள் போக எனக்கு வழியில்லை என்றேன்.

"அந்த ரிவ்யூவையும் எடுத்துடலாமா? அதப் பாத்துத்தானே எல்லாம்?"

"அது நம்மது இல்ல அப்பச்சா. அவங்க எழுதினது."

"ஆமா. அவங்ககிட்டயே கேக்கறேன்" என்றார்.

கேட்டார். ரோசிலி சொன்ன பதிலை அவர், பெயர் சொல்லாமல், எத்தனையோ பேரிடம் பிறகு பெருமையாகச் சொல்லியிருக்கிறார். "உங்க பதில எடுத்தீங்க, சரி. நான் எழுதினது அங்கயே இருக்கட்டும். ஒழுகுதுங்கறது உண்மை. நான் பச்சத் தண்ணியிலதான் தொவச்சேன்."

*

அவர் அந்த உறையைத் திருப்பி வாங்கி வந்தார். பட்டறையில் இரண்டு மேசைகளுக்கு நடுவே தொங்கவிட்டு விரித்து, நடுவில் தண்ணீர் ஊற்றினார். ஓமனா பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அடியில் நேர்கோட்டில் சொட்டுச் சொட்டாக வந்தது.

பெரிய கட்டிலுக்குத் துணியின் அகலம் போதவில்லை. இரண்டு துண்டுகளை நடுவில் இணைத்துத் தைத்திருந்தார்கள். ஊசி போன ஒவ்வொரு துளையும் ஒரு குழாய். அதுவும் ஆள் படுக்கும் இடத்தில்.

"நான்தான் தைக்கச் சொன்னேன்" என்றாள் ஓமனா.

"நான்தான் சரின்னேன்" என்றார் அப்பச்சன். "அந்தப் பொண்ணு கொதிக்கிற தண்ணியில போட்டுதாம்! அப்படிச் சொன்ன என் வாயக் கொதிக்கிற தண்ணியில கழுவணும்."

அகலத் துணி வரவழைத்தார். மேல்பக்கம் ஒரே துண்டு. தையல் பக்கவாட்டில் மட்டும். அந்த அளவு உறை வாங்கிய எல்லோருக்கும் செய்தி அனுப்பி மாற்றிக்கொடுத்தார். சிலர் ஒழுகவே இல்லை என்றார்கள். "ஒழுகும்" என்று சொல்லி மாற்றினார்.

ரோசிலியின் ஒரு ஸ்டாருக்குக் கீழே புதிய பதில் எழுதினோம். இந்த முறை ஊருக்கு வந்திருந்த நான் தட்டச்சு செய்தேன், அவர் அறையில் நடந்தபடி சொன்னார், பாதியை அடித்தார். மிஞ்சியது இது: "இந்தக் கருத்து சரி. உறையின் நடுத் தையலில் ஓட்டை இருந்தது. தவறு எங்களுடையது. இப்போது நடுவில் தையல் இல்லை. பழைய உறையை இலவசமாக மாற்றித் தருகிறோம். இங்கே முதலில் நாங்கள் எழுதிய பதிலில் வாடிக்கையாளரின் சொந்த விஷயம் இருந்தது. அதை எழுதியிருக்கக் கூடாது. நீக்கிவிட்டோம்."

ஓமனாவைக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். ஊர் முழுவதையும் அறிந்தவள் அவள். "இதப் படி. யாருன்னு உனக்குத் தெரியுதா பாரு. முன்ன நடந்தத மறந்துட்டு."

"மறக்க முடியாதே அச்சாயா."

"சரி, புதுசா ஊருக்கு வந்த மருமகளா நெனச்சுக்க."

அவள் மருமகளாகத் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு படித்தாள். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. "தெரியல" என்றாள். அன்றிலிருந்து ஓமனா யாரென்று கண்டுபிடித்தால் அந்தப் பதில் திரும்ப எழுதப்படும். பெயர் இல்லாமல், நோய் இல்லாமல், வாங்கிய காரணம் இல்லாமல். அதெல்லாம் வேண்டுமென்றால் தொலைபேசியில். இரண்டு பேர் படிக்காமல் எதுவும் போகாதபடி நான் மென்பொருளையும் மாற்றினேன்.

ஆனால் டீச்சர் வெளியே வரவில்லை.

அப்பச்சன் இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போனார். இரண்டு முறையும் ரோசிலி வாசலில் நின்று, "அம்மச்சி தூங்கறாங்க" என்றார். உள்ளேயிருந்து வானொலி கேட்டது. அப்பச்சன் வாங்கிக்கொண்டு போன வாழைப்பழங்களைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுத் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் டீச்சர் உட்காரும் முன்வரிசை ஓரம் காலியாக இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அப்பச்சன் பின்வரிசைக்கு மாறினார்.

*

மழை தொடங்கிய ஒரு நாள் காலை, அப்பச்சன் என்னிடம் வந்தார். அதற்குள் நான் பெங்களூர் வேலையை வீட்டிலிருந்தே செய்ய ஆரம்பித்திருந்தேன்.

"அந்த உறைக்கு நான் ஒரு ரிவ்யூ போடணும்."

"முடியாது. சொந்தக் கடைக்கு நம்மளே ஸ்டார் போட்டா ஏமாத்து. கொச்சிக்காரன் பண்றதுக்கும் நம்ம பண்றதுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஸ்டார் வேண்டாம். ரிவ்யூக்கள்ல சேக்காத. மேல, உறையப் பத்தி எழுதியிருக்கோமே, அங்க போடு. கடை முதலாளின்னு போட்டே போடு."

"என்ன எழுதணும்?"

அவர் சொன்னார். நான் தட்டச்சு செய்யவில்லை.

விஷயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு ப்ராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. சில மாதங்கள் இரவில் கட்டுப்பாடு இல்லை. மற்றக் கடைகளில் கிடைத்த உறைகள் பிளாஸ்டிக் சத்தம் போட்டன, முதுகு வேர்த்தது. அதனால்தான் இந்த உறையை அவர் செய்யத் தொடங்கினார். முதலில் படுத்தவர் அவரே. இது எனக்கும் ஓமனாவுக்கும் மட்டும் தெரியும். சர்ச் கமிட்டியில் இருக்கும் மனிதர். வியாபாரிகள் சங்கத்தில் நின்று பேசும் மனிதர்.

"வேணாம் அப்பச்சா. கடைத்தெருவுல ஒங்களச் சும்மா விடமாட்டாங்க."

"விடக் கூடாதுன்னுதான் போடறேன்."

"அது என்ன கணக்கு?"

"ஊருக்கு ஒரு நேரத்துல ஒரு ஆளப் பத்திதான் பேச முடியும் மோளே. டீச்சர விட்டுட்டு என்னப் பிடிக்கட்டும். அடுத்தவங்க விஷயத்தச் சொல்லத் தெரிஞ்சவனுக்குச் சொந்த விஷயம் சொல்லத் தெரியாதா?"

ஓமனாவிடம் காட்டச் சொன்னேன், விதி விதிதானே. அவள் படித்தாள். கண்ணைத் துடைத்தாள். "யாருன்னு தெரியுது" என்றாள்.

"தெரியணும்" என்றார் அப்பச்சன்.

அவர் எழுதியது நான்கு வரி. "இந்த உறையை முதலில் பயன்படுத்தியவன் நான். ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குத் தேவைப்பட்டது. இப்போதும் மழைக்காலத்தில் சில இரவுகளில் தேவைப்படுகிறது. வெட்கப்பட்டுக்கொண்டு ஈர மெத்தையில் படுக்க வேண்டாம். — குருவிளா, கடை உரிமையாளர்." இதில், இங்கே நான் விட்டுவிட்ட வீட்டுப்பெயரும் இருந்தது. அவருடையது.

கடைத்தெரு அவரை விடவில்லை. இரும்புக்கடை பேபிச்சன் மறுநாளே சாயாக்கடையில் ஆரம்பித்தார்.

"குருவிளாச்சா, நேத்து ராத்திரி உங்க வீட்டுப் பக்கம் நல்ல மழையாமே?"

"ஆமா. உள்ளயும் வெளியயும்."

"அணை தொறந்தா முன்கூட்டிச் சொல்லுங்க, நாங்க மேட்டுக்குப் போயிடறோம்."

"உனக்கும் அறுவது ஆவுது பேபிச்சா. ஒரு உறை எடுத்து வைக்கட்டுமா? சைஸ் சொல்லு."

சாயாக்கடையே சிரித்தது. பேபிச்சன் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். இரண்டு வாரம் கழித்து அவர் ஓர் உறை வாங்கினார், இணையதளத்தில், ஒற்றை எழுத்துப் பெயரில். இதை நான் எழுதக் கூடாது. ஆனால் அடக்கத்தன்று அவரே எல்லோரிடமும் சொல்லிவிட்டார், என்னையும் எழுதச் சொன்னார்.

உறை அதிகம் விற்றது. அப்பச்சன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இப்போது ஞாயிறுதோறும் பின்வரிசையிலிருந்து முன்வரிசை ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தார். காலியாகவே இருந்தது.

*

போன வியாழக்கிழமை கடைத் தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன். வணக்கம் சொல்லும் முன்பே ஒரு குரல், "குருவிளாவக் கூப்பிடு" என்றது. கரும்பலகைக்கு முன் நிற்கும் குரல். நான் ஒலிபெருக்கியில் போடாமல் அப்பச்சனிடம் கொடுத்தேன், ஆனால் டீச்சரின் குரலுக்கு அது தேவையில்லை.

"எடா, நீ எழுதினத ரோசிலி படிச்சுக் காட்டினா."

"ஆமா டீச்சர்."

"மழைக்காலத்துல மட்டும்தானா?"

"பெரும்பாலும் டீச்சர்."

"பொய் சொல்லாத. ஏழாங்கிளாஸ்லயும் நீ பாதிதான் சொல்லுவ."

"…குளிர்காலத்துலயும் டீச்சர்."

அந்தப் பக்கம் ஒரு சத்தம். சிரிப்பு என்று அப்பச்சன் பிறகு சொன்னார். எனக்கு இருமல் மாதிரி கேட்டது.

"புது உறை ஒழுகாதுன்னு எழுதியிருக்கியாம்."

"ஒழுகாது டீச்சர்."

"நீ சொன்னா நான் நம்பணுமா? திங்கக்கிழமை எடுத்துட்டு வா. என் கட்டில்ல நீயே விரி. நான் ஒரு கொடம் தண்ணி ஊத்திப் பாக்கறேன். ஒழுகலன்னா நான் எழுதறேன். என் பேர் போட்டு, வீட்டுப்பேர் போட்டு. ஒழுகினா அதையும் எழுதுவேன். எடுத்துடுவியா?"

"எடுக்க மாட்டேன் டீச்சர்."

"சர்ச்சுக்கு வர்றது அப்புறம் பாக்கலாம். அதக் கேக்காத."

"கேக்கல டீச்சர்."

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் அங்கேயே நின்றார். பிறகு பட்டறைக்குள் போய், ஓமனாவிடம் டீச்சரின் கட்டில் அளவைச் சொல்லி, தானே பக்கத்தில் உட்கார்ந்து தைக்க வைத்தார். பக்கத் தையலில் ஒட்டும் பட்டையை அவரே சூடு வைத்து ஒட்டினார். குளியலறையில் வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தார். பரீட்சைக்குப் படிக்கும் பையன் மாதிரி இருந்தார். சனிக்கிழமை மதுரைக்காரருக்குப் பதில் எழுதியபோதும், உறை காய்ந்துவிட்டதா என்று நடுநடுவே எழுந்து போய்ப் பார்த்தார்.

ஞாயிறு அவர் போய்விட்டார். திங்கள் அவரைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தோம். செவ்வாய் அடக்கம்.

சர்ச் நிறைந்திருந்தது. பாட்டு தொடங்கும் முன் வாசலில் ஒரு சலசலப்பு. சக்கர நாற்காலியை ரோசிலி தள்ளிக்கொண்டு வந்தார். டீச்சர் எங்கள் பக்கத்துப் பாட்டிமார் சர்ச்சுக்கு உடுத்தும் வெள்ளைச் சட்டையும் முண்டும் உடுத்தி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வழிவிட்டு ஒதுங்கியவர்களில் பலர் அவரிடம் படித்த பிள்ளைகள். யாரும் சிரிக்கவில்லை. அவர் முன்வரிசை ஓரம் நாற்காலியை நிறுத்தச் சொன்னார். பெட்டிக்குள் அப்பச்சனை ரொம்ப நேரம் பார்த்தார்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை வரேன்னான்."

"ஆமா டீச்சர்."

"வரல."

டீச்சர் கல்லறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"உறை எங்க?"

"கடையில இருக்கு டீச்சர்."

"ம்" என்றார். ரோசிலி நாற்காலியைத் திருப்பினார்.

உறை மடித்து, காகிதப் பையில், கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேலே அவர் கையெழுத்தில் "டீச்சர்" என்று மட்டும் எழுதியிருக்கிறார். கணினியில் அந்த ஆர்டர் இன்னும் 'அனுப்பவில்லை' என்று காட்டுகிறது. நான்தான் கொண்டுபோய்க் கட்டிலில் விரிக்க வேண்டும். டீச்சர் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். பக்கத்தில் நிற்க வேண்டும்.